மழை விட்ட பிறகு வந்த வெள்ளம்: ஒரு எச்சரிக்கையை வரி வரியாகப் படித்தபோது

2021 நவம்பர் 19, வெள்ளிக்கிழமை. திருக்கார்த்திகை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அன்று அதிகாலையிலேயே சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்துவிட்டது. பல நாள் மழைக்குப் பிறகு வானம் வெளுத்திருந்தது. வடசென்னையின் மணலி புதுநகரில் என் அக்கா அகல் விளக்குகளைக் கழுவித் திண்ணையில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது வாட்ஸ்அப்பில், பூண்டி நீர்த்தேக்கத்தைத் திறப்பது பற்றிய அந்த வெள்ள அபாய எச்சரிக்கை வந்தது. அவளுக்கு ஏற்கெனவே நாலு குழுக்களிலிருந்து வந்திருந்தது. நானும் என் பங்குக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தாள்.

"மழையே விட்டுடுச்சேடா, அப்புறம் என்ன வெள்ளம்?"

என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. பேரிடர் நேரத்தில் மக்களுக்கான தகவல்களை எழுதிக்கொடுக்கும் தன்னார்வ வேலையைச் சில வருடங்களாகச் செய்துகொண்டிருந்தவன் நான். இருந்தும் அந்த எச்சரிக்கையைப் பத்து பேருக்கு அனுப்பினேனே தவிர, ஒரு முறைகூட ஒழுங்காகப் படித்திருக்கவில்லை. மறுநாள் காலை அக்கா வீட்டுக்குள் கட்டில் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகுதான் அதை வரி வரியாகப் படித்தேன்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். பூண்டி நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 3,231 மில்லியன் கனஅடி. அது நிரம்பினால் உபரிநீர் கொசஸ்தலையாற்றில் இறங்கும். தாமரைப்பாக்கம், சீமாவரம், வெள்ளிவாயல், நாப்பாளையம் வழியாக மணலி புதுநகரை ஒட்டி வந்து எண்ணூர் கழிமுகத்தில் கடலைச் சேரும். பக்கத்தில் இருக்கும் சடையான்குப்பத்துக்கு இதோடு இன்னொரு தண்ணீரும் உண்டு. புழல் ஏரியைத் திறந்தால் அதன் உபரிநீர்க் கால்வாய் வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி பக்கமாக ஓடி அங்கேதான் வந்து சேர்கிறது. பூண்டி எச்சரிக்கையிலும் புழல் எச்சரிக்கையிலும் சடையான்குப்பத்தின் பெயர் இருப்பது அதனால்தான். இரண்டும் தனித்தனி அறிவிப்புகள். இரண்டையும் கூட்டினால் தன் வாசலில் எவ்வளவு நிற்கும் என்பதைச் சடையான்குப்பத்துக்காரர் அவரே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த எச்சரிக்கையின் அமைப்பு வருடா வருடம் மாறாமல் வருவது, வடசென்னையில் பலருக்கு மனப்பாடமாகவே இருக்கும். நீர்த்தேக்கத்தின் பெயர், முழுக் கொள்ளளவு, இன்றைய நீர்மட்டம், விநாடிக்கு இத்தனை கனஅடி திறப்பு. பிறகு நம்பாக்கம், கிருஷ்ணாபுரம் என்று தொடங்கி மணலி புதுநகர், சடையான்குப்பம், எண்ணூர் என்று முடிகிற முப்பது ஊர் வரையிலான பட்டியல். கடைசியில் "தாழ்வான பகுதிகளில் வசிக்கும் மக்கள் பாதுகாப்பாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இது அணையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறது. அக்காவுக்கு வேண்டியது அவள் தெருவில் என்ன நடக்கப்போகிறது என்பது.

கனஅடியை எடுத்துக்கொள்வோம். ஒரு கனஅடி என்பது சுமார் 28.3 லிட்டர். விநாடிக்கு 1,000 கனஅடி என்றால், 9,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்றை ஒவ்வொரு நொடியும் ஆற்றில் கவிழ்ப்பதற்குச் சமம். அந்த வாரம் பூண்டியில் திறப்பு 30,000 கனஅடியைத் தாண்டியது. அது நொடிக்குத் தொண்ணூறு லாரிக்கு மேல். லாரிக் கணக்கைக் கேட்டால் பயம் வருகிறது, சரி. ஆனால் பயந்து எதைச் செய்வது? பரணில் ஏற்றுவதா, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதா? வெளியேறும் அளவு நீர்மட்டம் ஆகாது. அதே 30,000 கனஅடி அகலமான இடத்தில் கணுக்காலோடு போகும், குறுகிய இடத்தில் இடுப்பைத் தொடும். கீழே கடல் ஏற்றமாக இருந்தால் இன்னும் ஏறும். எண்ணூர் முகத்துவாரத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பௌர்ணமி, அமாவாசை நாட்களில் ஏறக்குறைய ஒரு மீட்டர். கார்த்திகை தீபம் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும் என்பதை நான் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

ஆகவே கனஅடியை மட்டமாக மாற்றும் வேலையை யாராவது செய்தாக வேண்டும். அது பொறியாளர் வேலை. அக்கா தலையில் கட்டக்கூடாது. எளிய வழி ஒன்று இருக்கிறது: பழைய வெள்ளத்தை அளவுகோலாக வைப்பது. மணலி புதுநகரில் 2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டுப்பாருங்கள், சுவரில் விரல் வைத்துக் காட்டுவார்கள். "2015-இல் உங்கள் வீட்டில் தண்ணீர் வந்ததா? அப்படியானால் இன்று இரவும் வரும்" என்று ஒரு வரி எழுதினால், அதைப் படிப்பவருக்குக் கனஅடி தெரிந்திருக்கத் தேவையில்லை. இதற்கும் ஒரு வரம்பு உண்டு. சாலையை மேலே மேலே போட்டு உயர்த்திவிட்டார்கள், புதுச் சுவர்கள் வந்துவிட்டன, 2015-க்குப் பிறகு குடிவந்தவர்களுக்கு அந்த நினைவே கிடையாது. அதனால் மின்கம்பத்திலும் ரேஷன் கடைச் சுவரிலும் கோடு போட்டு, அறிவிப்பில் அந்தக் கோட்டைச் சொல்வது இன்னும் நம்பகமானது. கோட்டைப் பார்த்தால் புதிதாக வந்தவருக்கும் புரியும்.

அடுத்தது "தாழ்வான பகுதி". நான் போய்ப் பேசிய தெருக்களில் ஒருவர்கூடத் தன் வீடு தாழ்வான பகுதியில் இருப்பதாக ஒப்புக்கொள்ளவில்லை. "எங்க தெரு மேடு சார், அதோ அந்தப் பக்கம்தான் பள்ளம்." அந்தப் பக்கம் போனால் அவர்கள் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறார்கள். இதில் மனை விலை பற்றிய கவலையும் கொஞ்சம் கலந்திருக்கிறது, குறை சொல்ல முடியாது. வானிலை அறிக்கையில் வரும் "ஓரிரு இடங்களில்" என்பதும் இப்படித்தான். அந்தத் துறையில் அதற்குத் தெளிவான அளவு உண்டு: அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்குள் மட்டும் பெய்தால் அப்படிச் சொல்வார்கள். கேட்பவர் காதில் அது "எங்கேயோ ஓரிடத்தில், நமக்கில்லை" என்றே விழுகிறது. பெயர் சொல்லாத எச்சரிக்கையை எல்லோரும் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுவார்கள்.

சரி, முப்பது ஊர்ப் பெயர் இருக்கிறதே என்று கேட்கலாம். பட்டியல் அணைக்கட்டிலிருந்து கடலை நோக்கி எழுதப்பட்டது. ஆற்றின் வரிசை அது. படிப்பவரின் வரிசை அல்ல. சடையான்குப்பம் கடைசிக்கு முந்தின பெயர். கைப்பேசியில் "மேலும் படிக்க" என்பதற்குக் கீழே போய்விடுகிறது. அதைவிடப் பெரிய குறை, முப்பது ஊருக்கும் ஒரே நேரத்தில் ஒரே செய்தி போகிறது என்பது. நம்பாக்கம் பூண்டிக்குப் பக்கம். தண்ணீர் அங்கே சீக்கிரம் வந்துவிடும். கழிமுகம் வரை ஆற்று வழியாக அறுபது கிலோமீட்டர் போல் என்று வைத்துக்கொண்டு, வெள்ளம் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் நகர்ந்தால், மணலி புதுநகருக்கு வர அரை நாளுக்கு மேல் ஆகும். இது என் தோராயக் கணக்கு. தடுப்பணைகள், வழியில் சேரும் ஏரி உபரிநீர், முன்பே நனைந்து கிடக்கும் ஆறு எல்லாம் இதை மாற்றும். சரியான நேரத்தை மேலே உள்ள ஊர்களின் நீர்மட்டத்தைப் பார்த்துப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். எப்படிப் போட்டாலும் அக்காவுக்குக் கையில் பல மணி நேரம் இருந்தது. அந்த நேரம் இருக்கிறது என்பதை எச்சரிக்கை சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால், "மழை விட்டுடுச்சே" என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் கிடைத்திருக்கும்: இது இங்கே பெய்த மழையின் தண்ணீர் அல்ல, மேலே, ஆந்திர எல்லையைத் தாண்டியும் பெய்த மழை நடந்து வந்துகொண்டிருக்கிறது.

மழைக்கும் வெள்ளத்துக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளிதான் வடசென்னையில் எச்சரிக்கையை முறிக்கிற இடம். வேளச்சேரியில் மழை பெய்யும்போதே தண்ணீர் நிற்கும், பார்த்தால் தெரிந்துவிடும். கொசஸ்தலைக் கரையில் வெயில் அடிக்கும்போது வெள்ளம் வரும். கண்ணால் பார்ப்பதும் காதால் கேட்பதும் முரண்பட்டால் ஆட்கள் கண்ணைத்தான் நம்புவார்கள். அதில் தப்பும் இல்லை. அதனால் "மழை நின்றாலும் வெள்ளம் வரும்" என்ற நாலு சொற்கள் இங்கே எந்த எச்சரிக்கையிலும் முதல் இரண்டு வரிக்குள் வர வேண்டும் என்பேன்.

இதன் மறுபக்கத்தை 2023 டிசம்பரில் பார்த்தோம். மிக்ஜாம் புயல் ஆந்திராவில் பாபட்லா அருகே டிசம்பர் 5 அன்று கரையைக் கடந்தது. அதற்கு முந்தைய நாட்களில் எல்லாச் செய்தியிலும் தலைப்பு இதுதான்: புயல் ஆந்திராவில் கரையைக் கடக்கும். அதே செய்திக்குள் சென்னைக்கு மிக கனமழை என்றும் இருந்தது. ஆனால் தலைப்பில் இருந்த ஊர் ஆந்திரா. எங்கள் குழுவில் ஒரு தம்பி, "அப்ப நமக்கு ஒண்ணுமில்லண்ணா" என்று நிம்மதியாக எழுதினான். புயல் கரையோரமாக நகர்ந்துகொண்டே டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டித் தீர்த்தது. கரையைக் கடக்கும் இடம் என்பது புயலின் மையப்புள்ளி எங்கே நிலத்தில் ஏறுகிறது என்பது மட்டுமே. மழைப்பட்டை நூறு, இருநூறு கிலோமீட்டர் தள்ளியும் இருக்கும். நம் ஊரில் "புயல் எங்கே கரையைக் கடக்கும்?" என்பது கிரிக்கெட் ஸ்கோர் போல ஆகிவிட்டது. எழுதுபவர்கள் அந்த ஆசைக்குத் தீனி போடாமல், "சென்னையில் இரண்டு நாள் மழை கொட்டும், புயல் பிறகு ஆந்திராவுக்குப் போகும்" என்று வரிசையை மாற்றினாலே போதும். தகவல் ஒன்றுதான், முதலில் நிற்கிற ஊர்தான் வேறு.

இப்போது அந்தக் கடைசிச் சொல்: "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." யார் கேட்கிறார்கள்? செயப்பாட்டு வினை கேட்பவரை மறைத்துவிடுகிறது. "பாதுகாப்பாக இருக்குமாறு" என்பதில் செய்ய வேண்டிய காரியமும் மறைந்துவிடுகிறது. உள்ளே தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் பாதுகாப்பாக இருப்பதுதானே? அக்கா அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். எச்சரிக்கைச் செய்திகளை ஆராய்ந்த மிலெட்டி, சோரன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1990-லேயே இதைச் சொல்லிவைத்தார்கள்: என்ன ஆபத்து, எங்கே, எப்போது, என்ன செய்ய வேண்டும், சொல்வது யார் என்ற ஐந்தும் செய்தியில் இருக்க வேண்டும். நம் அறிவிப்பில் முதலாவது உண்டு, இரண்டாவது பாதி உண்டு. மற்றவை கிடையாது.

அவர்கள் சொன்ன இன்னொன்று எனக்கு இன்னும் பயன்பட்டது. எச்சரிக்கை கேட்டவுடன் யாரும் கிளம்பமாட்டார்கள். முதலில் வேறு நாலு பேரிடம் விசாரித்து உறுதிசெய்துகொள்வார்கள். இதை அலட்சியம் என்று அதிகாரிகள் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். அன்று அக்கா என்ன செய்தாள் என்றால், எனக்குப் போன் செய்த பிறகு சீமாவரத்தில் இருக்கும் மாமாவின் சித்தி வீட்டுக்குப் போன் செய்தாள். "ஆத்துல தண்ணி எப்படிப் போவுது?" என்று கேட்டாள். இதைவிட அறிவான விசாரணை இருக்க முடியாது. அவள் ஆற்றின் மேல்பக்கத்தில் ஒரு அளவுமானியையே வைத்திருக்கிறாள். அந்த அம்மா கரைக்குப் போய்ப் பார்க்கவில்லை, விளக்கேற்றும் நேரம் என்று விட்டுவிட்டார். அது வேறு கதை. நான் சொல்ல வருவது, விசாரிக்கும் பழக்கத்தைத் திட்டாமல் அதற்கு வழி கொடுக்கலாம் என்பது. "சீமாவரம் தடுப்பணையில் மாலை 3 மணிக்கு நீர்மட்டம் இவ்வளவு" என்று படத்தோடு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டால், விசாரணை வதந்தியில் போய் முடியாமல் உண்மையில் போய் முடியும்.

எங்கள் குழுவில் பிறகு உட்கார்ந்து, அன்றைய சூழ்நிலைக்கு அந்த எச்சரிக்கையை மாற்றி எழுதிப் பார்த்தோம். நேரமும் இடமும் மாதிரிக்காகப் போட்டவை:

"மணலி புதுநகர், சடையான்குப்பம் மக்களுக்கு. கொசஸ்தலையாற்று வெள்ளம் இன்று இரவு 10 மணிக்கு மேல் உங்கள் தெருவுக்கு வரும். மழை நின்றாலும் வரும். 2015-இல் தண்ணீர் வந்த வீடுகளில் இந்த முறையும் வரும். மாலை 6 மணிக்குள் அரசுப் பள்ளி முகாமுக்கு வாருங்கள். மருந்து, ஆதார், ரேஷன் அட்டை, போன் சார்ஜர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆடு மாடுகளுக்குப் பள்ளி மைதானத்தில் இடம் உண்டு. நடக்க முடியாதவர்களை அழைத்துவர வண்டி வரும், 1913-க்குச் சொல்லுங்கள். 7 மணிக்கு மின்சாரம் நிறுத்தப்படும். அடுத்த தகவல் 4 மணிக்கு. மாற்றம் இல்லாவிட்டாலும் சொல்வோம்."

அடியில் பொறுப்பு அதிகாரியின் பெயரும் பதவியும். பெயர் போடத் தயங்குவார்கள் என்று தெரியும். ஆனால் பெயரோடு வருகிற செய்தியும் "நிர்வாகம்" என்று வருகிற செய்தியும் தெருவில் ஒரே மதிப்பு பெறுவதில்லை.

ஆடு மாடு வரியை ஒரு நண்பர் வெட்டச் சொன்னார். நான் விடவில்லை. சடையான்குப்பத்தில் நான் பேசிய ஒரு பெரியவர், "ஆட்ட உட்டுட்டு எப்படிப்பா வர்றது?" என்றார். அவர் எச்சரிக்கையை நம்பாமல் இல்லை, முழுதாக நம்பினார். ஆடுகளுக்கு இடம் இல்லாததால் தங்கிவிட்டார். பெண்கள் சொன்ன காரணம் முகாமின் கழிப்பறை. இதை எந்தச் சொல்லாலும் சரிசெய்ய முடியாது; முதலில் கழிப்பறை வேண்டும், பிறகுதான் அதைப் பற்றிய வரி. இல்லாத வசதியை எழுதிவிட்டால் அடுத்த வருடம் ஒருவரும் வரமாட்டார்கள்.

நீளமான இந்தச் செய்தி ஒலிபெருக்கி ஆட்டோவுக்கும் வாட்ஸ்அப்புக்கும் ஆகும். குறுஞ்செய்திக்கு ஆகாது. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70-தான். அதிலும் புள்ளி, கொம்பு, கால் ஒவ்வொன்றும் தனியாக எண்ணப்படும். "சடையான்குப்பம்" என்ற பெயரே 14-ஐத் தின்றுவிடும். ஒரு சாயங்காலம் முழுக்க முயன்று நாங்கள் அடைத்தது இது: "சடையான்குப்பம்: இன்றிரவு 10க்கு ஆற்று வெள்ளம். 6க்குள் முகாம் செல்க." மொத்தம் 68. அழகில்லைதான், ஆனால் இடம், நேரம், ஆபத்து, செயல் நாலும் இருக்கின்றன. அனுப்பும் நேரமும் முக்கியம். மின்சாரத்தை நிறுத்திய பிறகு போன் சார்ஜ் இறங்கிவிடும். மிக்ஜாமின்போது பல இடங்களில் நெட்வொர்க்கே போய்விட்டது. எச்சரிக்கை வெள்ளத்தை முந்தினால் மட்டும் போதாது, மின்தடையையும் முந்த வேண்டும்.

சொன்னது நடக்காமல் போனால்? அதிகாரிகள் கடைசியில் வந்து நிற்கும் பயம் இது. 2024 அக்டோபர் 16-க்குச் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தது; ஆட்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சொன்ன அளவுக்கு அன்று மழை இல்லை. மீம்கள் பறந்தன. ஆனால் "ஏன் பெய்யவில்லை" என்று அன்றே எளிய தமிழில் விளக்கியவர்களை அடுத்த முறையும் ஆட்கள் கேட்டார்கள், எங்கள் குழுவில் நான் கவனித்தது இது. தவறிய கணிப்பைவிட அதைப் பற்றிய மௌனம்தான் நம்பிக்கையை அதிகம் அரிக்கிறது. அதற்காக எல்லாவற்றுக்கும் "வாய்ப்பு உள்ளது" என்று போட்டுத் தப்பித்துக்கொள்வதும் உதவாது. தூறலுக்கும் வாய்ப்பு, பெருவெள்ளத்துக்கும் வாய்ப்பு என்றால் அந்தச் சொல்லில் எடையே இல்லை. "பத்து மணிக்கு வரும் என்று நினைக்கிறோம், எட்டுக்கே வரலாம், நள்ளிரவும் ஆகலாம், அதனால்தான் ஆறு மணிக்குள் வரச் சொல்கிறோம்" என்று சந்தேகத்தை நேரத்திலேயே வைத்துச் சொல்லலாம். கேட்பவருக்கு அது புரியும். ரயில் தாமதத்தை இப்படித்தானே கேட்டுப் பழகியிருக்கிறோம்?

ஒரு செய்தியை மட்டும் நாங்களும் எழுத மறந்தோம், அன்று வேறு யாரும் எழுதவும் இல்லை. தண்ணீர் வந்த பிறகு அக்காவும் மாமாவும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். திறப்பு எப்போது குறைந்தது, தெரு எப்போது வடிந்தது, மின்சாரம் போட்டால் ஷாக் அடிக்குமா, தொட்டித் தண்ணீரைக் குடிக்கலாமா, எப்போது திரும்பலாம் என்று ஒரு அறிவிப்பும் வரவில்லை. மூன்று நாள் கழித்து அவர்கள் தெருவுக்குப் பால் போடும் பையன் போன் செய்து, "அக்கா, தண்ணி எறங்கிடுச்சு, நாளைக்குப் பாக்கெட் போடட்டுமா?" என்று கேட்டான். அதைக் கேட்டுத்தான் கிளம்பிப் போனார்கள்.